நிபுணரின் அறிக்கையும் நிர்வாகிகளின் முடிவும்

(தாம்பரத்தில் பொறியாளர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு தொழில் ஸ்தாபனத்தின் பொறியாளர் பல மாதங்கள் அளந்தும் கணக்கிட்டும் எழுதிய அறிக்கை, அதன் இயக்குநர் குழுவின் மேஜைக்கு வந்து சேர்கிறபோது, அதைப் படிக்கப்போகிறவர்கள் யார் என்ற கேள்வியோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். அவர்களில் ஒருவர் கணக்குத் தணிக்கையில் தேர்ந்தவராக இருக்கலாம். ஒருவர் சட்டம் கற்றவராக இருக்கலாம். இன்னொருவர் வியாபாரத்தில் நாற்பது வருஷ அனுபவம் உடையவராக இருக்கலாம். தத்தம் துறையில் நம்மைவிட நுட்பமாகச் சிந்திக்கக்கூடிய அவர்களுக்கு, நம்முடைய பரிபாஷை மட்டும் பழக்கமில்லை. ஆனால் முடிவு எடுக்கும் பொறுப்பு அவர்களுடையது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 166-ஆம் பிரிவில், இயக்குநர் தக்க கவனத்தோடும் திறமையோடும் சுயேச்சையான தீர்மானத்தோடும் கடமையாற்ற வேண்டும் என்று விதிக்கிறது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பாவது அறிவிப்புத் தர வேண்டும் என்று 173-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, சாதாரணமாக ஒரு வார அவகாசத்தில், பத்துப் பன்னிரண்டு விஷயங்களோடு சேர்த்து நம் அறிக்கையையும் படித்து, அதன் மேல் சுயேச்சையாகத் தீர்மானிக்க வேண்டியவர் அவர். அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய பொருள் நம் எழுத்தில் இருந்தும் அவர் கைக்கு எட்டாமற்போனால், சட்டம் அவரிடம் எதிர்பார்க்கிற காரியத்தை அவரால் செய்ய இயலாது.

விஷயத்தைப் பொதுவாகப் பேசிக்கொண்டு போகாமல், நமக்கு அருகிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஆதனூர் ஏரிப் பக்கத்தில் தோன்றி, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய ஊர்களின் ஓரமாக வந்து, திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு, விமான நிலையத்தைக் கடந்து நகருக்குள் நுழைகிற அடையாற்றை நாம் எல்லோரும் அறிவோம். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில், மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில், தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் வீடுகளின் தரைத்தளம் நீரில் மூழ்கியதும், விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்ததும் யாருக்கும் மறந்திராது. அந்த ஆற்றின் மேற்பகுதியில், கரைக்குச் சற்றுத் தூரத்தில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை கற்பனையானது, அதைப் பற்றி நான் சொல்லப்போகிற மட்டங்களும் தொகைகளும் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் கணக்கின் முறையும், அறிக்கையின் பாஷையும், அது படிக்கப்படும் விதமும் கற்பனையல்ல.

வெள்ள அபாயத்தை ஆராய்ந்து அறிக்கை தரும்படி ஆலையின் பொறியாளர் பணிக்கப்படுகிறார். அவர் எழுதும் முடிவுரை, நம் வழக்கத்தை ஒட்டி, ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

"நாற்பது ஆண்டுகளின் உச்ச மழை அளவுகளைக் கம்பெல் பரவலில் பொருத்திப் பெற்ற வடிவமைப்பு மழையைக் கொண்டு நடத்திய நீரியல் ஆய்வில், 25 ஆண்டு மீள்வருகைக் காலத்துக்குரிய வெள்ள மட்டம் சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் 25.05 மீட்டர் என்றும், 100 ஆண்டு மீள்வருகைக் காலத்துக்குரியது 25.45 மீட்டர் என்றும் கணிக்கப்பட்டது. மதிப்பீட்டின் நிச்சயமின்மை கூட்டல் கழித்தல் 0.30 மீட்டர். ஆகவே பிரதான மின்சாரப் பேனலின் அடிமட்டத்தைப் போதிய ஃப்ரீபோர்டுடன் மறுசீரமைப்பது பரிசீலிக்கத்தக்கது."

இதில் பிழை ஒன்றும் இல்லை. மற்றொரு பொறியாளர் படித்தால், தமக்கு வேண்டியதெல்லாம் இதில் அடங்கியிருப்பதைக் கண்டு திருப்தியடைவார். இதையே இயக்குநர் படிக்கும்போது அவர் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதைத்தான் நாம் நிதானமாகப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

முதலாவதாக, 25 ஆண்டு மீள்வருகை என்ற தொடரை அவர் ஒரு நாட்காட்டியாகப் படிக்கிறார். பெரிய வெள்ளம் 2015-இல் வந்துவிட்டது. அடுத்தது 2040-ஐ ஒட்டி வரும். அதற்குள் ஆலையையே வேறிடத்துக்கு மாற்றிவிடலாம் என்று அவர் எண்ணினால், அந்த எண்ணத்துக்கு நம் வாக்கியமே இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் உட்பொருள், ஒவ்வொரு வருஷமும் அத்தகைய வெள்ளமோ அதைவிடப் பெரியதோ வருவதற்கு இருபத்தைந்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதுதான்; சென்ற வருஷம் வந்ததனால் இந்த வருஷத்து வாய்ப்பு குறைந்துவிடுவதில்லை. இருபத்தைந்தில் இருபத்துநான்கு பங்கு தப்பிக்கும் வாய்ப்பை இருபது வருஷங்களுக்குத் தொடர்ந்து பெருக்கிப் பார்த்தால், இருபது வருஷமும் ஒரு தடவைகூட அந்த வெள்ளம் வராமலிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 44 என்று தெரிகிறது. அதாவது, ஒரு தடவையாவது வருவதற்கு 56. நூற்றாண்டு வெள்ளம் என்று நாம் அழைப்பதற்கும் அதே இருபது வருஷத்தில் நூற்றுக்கு 18 வாய்ப்பு இருக்கிறது. இயந்திரங்களின் ஆயுளும் கடனின் தவணையும் இருபது வருஷக் கணக்கில் ஓடுகிற ஒரு ஸ்தாபனத்துக்கு, வராது என்பதைவிட வரும் என்பதே சற்று அதிக சாத்தியம் என்ற செய்தி எவ்வளவு முக்கியம்! அந்தச் செய்தி மூல அறிக்கையில் இருந்தது. ஆயினும் அதைப் படித்தவர் அதற்கு நேர் எதிரானதைப் பெற்றுக்கொண்டார்.

இரண்டாவதாக, கடல் மட்டத்துக்கு மேல் 25.05 மீட்டர் என்பது அவருக்கு ஒரு காட்சியையும் தருவதில்லை. அவர் ஆலைக்குள் பல தடவை நடந்திருக்கிறார். அதன் தரையையும் மின்சாரப் பேனல் நிற்கும் அறையையும் கண்ணால் அறிவார். தரையின் மட்டம் 24.60 மீட்டர் என்பதும், பேனலின் அடி தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதும் பொறியாளரின் வரைபடத்தில் இருக்கின்றன. இரண்டையும் கழித்துச் சொன்னால், 25 ஆண்டு வெள்ளம் பேனலின் அடியைத் தொடும் என்றும், 100 ஆண்டு வெள்ளம் தரைக்கு மேல் 85 சென்டிமீட்டர், ஏறத்தாழ நின்றவரின் இடுப்பளவு, நிற்கும் என்றும், அப்போது பேனலின் கீழ்ப்பகுதி 40 சென்டிமீட்டர் நீரில் இருக்கும் என்றும் ஆகிறது. ஆய்வில் ஓர் எண்ணும் மாறவில்லை. அளவுகோலின் தொடக்கப் புள்ளி மட்டும் கடலிலிருந்து ஆலையின் தரைக்கு இடம் மாறியிருக்கிறது. படிக்கிறவர் நின்றிருக்கிற இடத்திலிருந்து அளந்து சொல்வதே நடையை அவருக்கு ஏற்ப மாற்றுவதில் முதற்படி என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது விஷயம் மிகவும் கவனிக்கத்தக்கது. வெள்ளம் என்றவுடன் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் செம்பரம்பாக்கம் நினைவுக்கு வருகிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் 24 அடி ஆழமும் கொண்ட அந்த ஏரியிலிருந்து, 2015 டிசம்பரில் வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. ஆகவே இயக்குநர், மதகு திறக்கும் செய்தியைக் கேட்டபின் ஆயத்தமானால் போதும் என்ற அபிப்பிராயத்தோடுதான் அறிக்கையைக் கையில் எடுக்கிறார். ஆனால் நம் ஆலை, செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே இருக்கிறது. கீழே ஆறு நிறைந்து ஓடும்போது மேலிருந்து வரும் நீர் வடியத் தாமதமாகும் என்பது உண்மையே. எனினும், இங்கே வெள்ளத்தைக் கொண்டுவருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீரும் உள்ளூர் மழையும். அதற்கு மதகு திறக்கும் அறிவிப்பு ஒன்றும் கிடையாது; மழை அளவையும் மேலேயுள்ள ஏரிகள் நிரம்பும் நிலையையும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொறியாளருக்கு இது சொல்லாமலே விளங்குகிற விஷயமாதலால் அவர் எழுதவில்லை. இயக்குநர் எந்தத் தவறான எண்ணத்தோடு வருகிறாரோ, அந்த எண்ணத்தைப் பெயர் சொல்லி எடுத்து, அது ஏன் இங்கே பொருந்தாது என்று இரண்டு வாக்கியங்களில் விளக்காவிட்டால், மற்ற எல்லாவற்றையும் அவர் அந்தப் பழைய எண்ணத்துக்கு உட்பட்டே படித்துக்கொள்வார்.

இப்போது அதே முடிவுரையை இயக்குநருக்காகத் திரும்ப எழுதிப் பார்ப்போம்:

"ஆலையின் பிரதான மின்சாரப் பேனலைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரமுள்ள மேடைக்கு மாற்ற 60 லட்சம் ரூபாய் அனுமதி கோருகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் இக்கூட்டத்திலேயே அனுமதி தேவை. பேனலின் அடி இப்போது தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தை எட்டும் வெள்ளம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 56. அது எந்த ஆண்டிலும் வரலாம். செம்பரம்பாக்கத்து நீர் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே ஆலை இருப்பதால், இங்கே வெள்ளத்தைக் கொண்டுவருவது மேற்புறத்து ஏரிகளின் உபரி நீரும் உள்ளூர் மழையுமே. அதற்கு மதகு திறக்கும் அறிவிப்பு ஒன்றும் கிடையாது. பேனல் நனைந்தால் ஆலை ஏறத்தாழ ஆறு வாரம் நிற்கும். எங்கள் மதிப்பீடு 30 சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கக்கூடும். ஒன்றரை மீட்டர் என்ற உயரம் அந்தப் பிழையையும் கணக்கில் கொண்டது. இந்த ஏற்பாடு பேனலை மட்டுமே காக்கும். தரையில் அடுக்கியுள்ள சரக்கைக் காக்காது. மேற்புறத்து ஏரிகளும் கால்வாய்களும் இன்றுள்ள நிலையிலேயே இருக்கும் என்று கொண்டு கணக்கிட்டிருக்கிறோம். அவை மேலும் குறுகினால் அபாயம் கூடும்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது சுருக்கமானதல்ல என்பது முதலில் புலப்படும், அது நீளமானது. எளிய நடை என்றால் குறைவாகச் சொல்வது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பரிபாஷைச் சொல் என்பது நிபுணர்களுக்குள்ளே பல வாக்கியங்களை ஒன்றில் அடக்கிவைத்திருக்கிற சுருக்கமே. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால், அது அடக்கிவைத்திருந்த வாக்கியங்களைத் திரும்ப விரித்துத்தான் ஆகவேண்டும். அடுத்து, வரிசை தலைகீழாக மாறியிருப்பதைக் காணலாம். தரவு, முறை, விடை, பரிந்துரை என்பது ஆராய்ச்சி நடந்த வரிசை. தீர்மானிக்கிறவருக்கு வேண்டிய வரிசையோ, என்ன கேட்கிறீர்கள், எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள், செய்தபின்னும் என்ன மிஞ்சும் என்பது. மூல அறிக்கையில் கடைசியில் 'பரிசீலிக்கத்தக்கது' என்று ஒதுங்கி நின்ற பரிந்துரை, இங்கே முதல் வாக்கியத்தில் தொகையோடும் காலத்தோடும் நிற்கிறது. பரிசீலிக்கத்தக்கது என்று எழுதினால் பொறியாளர் தம் பொறுப்பைப் பாதி கழற்றி வைத்துவிடுகிறார். இயக்குநரும், அவசரம் ஒன்றுமில்லை என்று எண்ணி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிடுகிறார்.

ஒன்றரை மீட்டர் எப்படி வந்தது என்பதையும் யாரேனும் கேட்டால் சொல்லும்படி இருக்க வேண்டும். 100 ஆண்டு வெள்ளத்தின் 85 சென்டிமீட்டரோடு மதிப்பீட்டுப் பிழையின் 30 சென்டிமீட்டரைக் கூட்டினால் 115. அலைக்கும் எதிர்பாராதவற்றுக்குமாக மேலும் 35 சேர்த்தால் 150. இந்தக் கணக்கு இணைப்பில் இருக்கட்டும். முதற்பக்கத்து எண்ணுக்கும் இணைப்பிலுள்ள எண்ணுக்கும் ஒரு சென்டிமீட்டர்கூட வேறுபாடு இருக்கக்கூடாது. முதற்பக்கத்தில் ஒன்றரை என்றும் இணைப்பில் 1.42 என்றும் இருந்தால், சட்டம் கற்ற இயக்குநர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கணத்தில் அறிக்கை முழுவதின் மேலும் அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

எளிமையாக்கும்போது நேரக்கூடிய அபாயம் ஒன்றைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் நிகழ்ந்த, நம் நாட்டவரும் மறக்க முடியாத ஒரு சம்பவத்தை அதற்கு நினைவூட்டுகிறேன். 2003 ஜனவரி 16-ஆம் தேதி புறப்பட்ட கொலம்பியா விண்கலத்தின் வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து கழன்ற நுரைப்பொருள் துண்டு ஒன்று, இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. கலம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டுச் சில பக்கங்களில் நிர்வாகிகளுக்குக் காட்டினார்கள். பிப்ரவரி முதல் தேதி, திரும்பும் வழியில் கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்தார்கள். பின்னர் அமைந்த விசாரணைக் குழு, அந்தப் பக்கங்களுள் ஒன்றை எடுத்து அதன் அமைப்பையே தன் அறிக்கையில் ஆராய்ந்தது. அதன் தலைப்பு, சோதனைத் தரவுகள் போதிய பாதுகாப்பு எல்லையைக் காட்டுவதாகப் படிக்கிறவருக்குத் தைரியம் தருகிற விதமாக அமைந்திருந்தது. சோதனைகளில் பயன்பட்ட துண்டு சுமார் 3 கன அங்குலம். கலத்தில் மோதியதாகக் கணித்த துண்டோ 1,920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. ஆகவே அந்தச் சோதனைகளைக் கொண்டு இந்த மோதலைப் பற்றித் திடமாக ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த விவரம் பக்கத்தின் அடியில், பல உட்பிரிவுகளுக்குக் கீழே, சிறிய எழுத்தில் இருந்தது.

அந்த நிர்வாகிகள் தொழில்நுட்பம் அறியாதவர்கள் அல்லர். அறிந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், நம் இயக்குநர்களின் விஷயத்தில் எவ்வளவு ஜாக்கிரதை தேவை என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இதிலிருந்து நான் தேறுகிற பாடம் இதுதான்: ஒரு முடிவு எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறதோ, அந்த நிபந்தனையும் அந்த முடிவும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில், அடுத்தடுத்து நிற்க வேண்டும். நடையை இளக்குகிறபோது முதலில் உதிர்வன கடினமான சொற்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் உதிர்ந்துபோவன நிபந்தனைகளே. 'கூட்டல் கழித்தல் 0.30' என்பது பார்வைக்கு உறுத்தலாக இருப்பதால் எளிமையின் பெயரால் எடுத்துவிடத் தோன்றும். எடுத்துவிட்டால், 85 சென்டிமீட்டருக்கு மேலே மேடை கட்டினால் போதாதா, எதற்கு ஒன்றரை மீட்டர் என்று செலவைக் குறைக்க விரும்பும் இயக்குநர் ஒருவர் நியாயமாகவே கேட்பார். அந்தக் கேள்விக்கு விடையளிக்கக்கூடிய ஒரே எண்ணை நாமே அழித்திருப்போம். ஆகவேதான், மேலே சொன்ன இரண்டாவது வடிவத்தில், பிழையின் அளவும், சரக்கைக் காக்காது என்ற எல்லையும், ஏரிகளைப் பற்றிய அனுமானமும் முதற்பக்கத்திலேயே இடம்பெற்றன.

இவ்வளவுக்கும், மூல அறிக்கையை அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரும்போதும், காப்பீட்டுக் கம்பெனியின் மதிப்பீட்டாளர் வரும்போதும், நாளை மற்றொரு பொறியாளர் கணக்கைச் சரிபார்க்கும்போதும், கம்பெல் பரவலும் கடல் மட்டத்து எண்களும் அப்படியே வேண்டும். அது பின்னிணைப்பாக, அதன் சொந்தப் பாஷையிலேயே இருக்கட்டும். முன்னால் ஒன்றரைப் பக்கம் இயக்குநருக்காக எழுதப்படட்டும். இரண்டிலும் அதே பொறியாளர் கையெழுத்திட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். முதற்பக்கத்தை வேறொருவரிடம் எழுதக் கொடுத்துவிடுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. எந்த நிபந்தனை இன்றியமையாதது, எது விலக்கத்தக்கது என்று பிரித்தறியக்கூடியவர் கணக்கைச் செய்தவர் ஒருவரேயாதலால், அந்த வழக்கம் ஆபத்தானது.

எழுதி முடித்தபின், அது பயன்படுமா என்பதை அறிய நம்பகமான ஒரு வழி இருக்கிறது. கூட்டத்துக்கு அனுப்புவதற்கு முன், அந்த ஸ்தாபனத்திலேயே பொறியியல் கல்லாத ஒருவரிடம், கணக்குப் பிரிவின் தலைவரிடமோ கம்பெனிச் செயலாளரிடமோ, முதற்பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். புரிகிறதா என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு மரியாதையின் பொருட்டு எல்லோரும் புரிகிறது என்றே சொல்வார்கள். பக்கத்தை மூடிவைத்துவிட்டு, நாங்கள் என்ன கேட்கிறோம், மறுத்தால் என்ன நேரும், சம்மதித்தபின்னும் எந்த அபாயம் மிஞ்சும் என்ற மூன்றையும் அவருடைய வாக்கில் சொல்லும்படி வேண்டுங்கள். அடுத்த வெள்ளம் 2040-இல் தானே என்று அவர் சொன்னால், வாய்ப்பைப் பற்றிய வாக்கியம் திருந்த வேண்டும். மேடை கட்டிவிட்டால் வெள்ளப் பிரச்சினை தீர்ந்தது என்று சொன்னால், சரக்கைப் பற்றிய வாக்கியம் இன்னும் மேலே வர வேண்டும். செம்பரம்பாக்கம் திறந்தால் சொல்லி அனுப்புங்கள் என்று சொன்னால், ஆற்றின் போக்கை இன்னொரு தடவை விளக்க வேண்டும். அவர் செய்யும் ஒவ்வொரு பிழையும் நம் பக்கத்தில் எந்த வரி தவறியது என்பதைச் சுட்டிக்காட்டுகிறது.

அந்த மூன்று கேள்விகளுக்கும் பொறியியல் கல்லாத ஒருவர் பிழையின்றி விடை சொல்லும் வரையில் முதற்பக்கத்தைத் திருத்திக்கொண்டேயிருங்கள். அவர் சொன்ன பின்பு கையெழுத்திடுங்கள். அதன்பின் இயக்குநர் குழு சம்மதித்தாலும் மறுத்தாலும், எதற்குச் சம்மதிக்கிறோம், எதை மறுக்கிறோம் என்பதை அறிந்தே அவர்கள் தீர்மானித்திருப்பார்கள். அதற்கு வேண்டிய வெளிச்சத்தைத் தருவது பொறியாளரின் கடமையில் ஒரு பகுதி என்றும், கணக்கைச் சரியாகப் போடுவதோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை என்றும் இந்த அவையின் முன் பணிவோடு சொல்லி அமைகிறேன்.